பீடி சுற்றுவோர் நேர்காணல்: ஃபோட்டோ பக்கம் மேற்கோள் அட்டவணையாகும்போது எங்கே பிழைக்கிறது

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் பல ஆய்வு மாணவர்களிடம் காகிதமாகத்தான் இருக்கின்றன. தட்டச்சு செய்த கோப்பு எங்கோ போய்விட்டது, அச்செடுத்த எழுத்துப்படி மட்டும் மிச்சம். அதை ஃபோனில் படமெடுத்து, எழுத்தாக மாற்றி, வரிவரியாகக் குறியீடு இட்டு (கோடிங் என்று சொல்வதுதான்), கடைசியில் கருப்பொருளும் அதற்குச் சான்றான மேற்கோளும் கொண்ட அட்டவணையாக ஆக்க வேண்டும். இந்தப் பாதையில் வரும் கோளாறுகளை அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறோம். கையெழுத்துப் பக்கங்களுக்கு இது பொருந்தாது. அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்வதே சீக்கிரம் முடியும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு மாதிரிப் பகுதியைக் கடைசிவரை எடுத்துக்கொள்கிறோம். இது யாரும் சொன்னதல்ல, காட்டுவதற்காக எழுதியது. இலை கொடுத்துப் பீடியை வாங்கும் கடைக்காரர், சரியில்லை என்று கழித்துக்கொள்ளும் பீடிதான் இதில் வரும் கழிவு. மூன்றாம் நேர்காணல், நான்காம் பக்கம், 11 முதல் 13 வரையான வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

கே: கழிவு எப்பிடிப் பாக்காவ?
ப: ஆயிரத்துக்கு ரெண்டு கட்டு கழிவுன்னு சொல்லி எடுத்துக்கிடுதாவ.
அவ்வொகிட்ட கேட்டா மறுநா எலை கெடைக்காது.

அறிகுறி: ஃபோனில் பக்கம் நேராகத் தெரிகிறது, ஆனால் வெளிவரும் எழுத்து முழுக்கக் குப்பை

முதலில் படத்தின் திசையைப் பாருங்கள். ஃபோன் கேமரா பல நேரம் படத்தைக் கிடையாகவே சேமித்துவிட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் வைக்கும். கேலரி அந்தக் குறிப்பைப் படித்துத் திருப்பிக் காட்டும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான டெசரக்ட் அதைப் படிக்காது, சாய்ந்து கிடக்கும் பக்கத்தையே வாசிக்கப் பார்க்கும். படத்தை உண்மையாகவே திருப்பிச் சேமித்துவிட்டால் பாதிக் குப்பை அங்கேயே தீர்ந்துவிடும்:

```
magick N03_p04.jpg -auto-orient -colorspace Gray -deskew 40% N03_p04.png
tesseract N03_p04.png N03_p04 -l tam --psm 4
```

முதல் வரி இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளின் கட்டளை, படத்தைத் திருப்பி நேராக்கும். இரண்டாவது வரி டெசரக்டுடையது, `N03_p04.txt` என்ற கோப்பைத் தரும். `tam` என்ற தமிழ்த் தரவை முன்பே நிறுவியிருக்க வேண்டும். `--psm 4` என்றால் பக்கம் மேலிருந்து கீழாக ஒரே பத்தியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளும். கேள்வி ஒரு பக்கம், பதில் மறு பக்கம் என்று கட்டம் போட்டு அச்சடித்த எழுத்துப்படியாக இருந்தால் இது உதவாது. கட்டங்களை வெட்டித் தனித்தனிப் படமாகக் கொடுங்கள்.

திசை சரியாக இருந்தும் குப்பை வந்தால், படம் எந்த வழியாக வந்தது என்று விசாரியுங்கள். களத்தில் இருந்தவர் வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். ஆக அங்குலத்துக்கு 137 புள்ளிகள்தான் கிடைக்கும். தமிழுக்கு 300 வேண்டும். 12 மெகாபிக்சல் கேமராவில் தாள் சட்டம் நிறைய விழும்படி எடுத்தால் அது தாராளமாகவே கிடைக்கிறது. எனவே படத்தை "டாகுமெண்ட்" என்று தேர்ந்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். சுருங்கிய படத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை, போன புள்ளி போனதுதான்.

தமிழில் "புள்ளி போனது" என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. தெளிவு குறைந்தாலோ, தாளில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தாலோ முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அடுத்து ே-யின் சுழி, அதற்கடுத்து ி-யும் ீ-யும் ஒன்றாகிவிடும். வெளிவந்த எழுத்தில் மெய்கள் எல்லாம் உயிர்மெய்யாக நின்றால் மென்பொருளை நோண்ட வேண்டாம், படத்தை மறுபடி எடுங்கள். திண்ணை நிழலில் பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் கூடாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை வெளியே எடுத்துவிடுங்கள். மெல்லிய தாளில் பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள்.

அறிகுறி: எழுத்து தெளிவாக வந்திருக்கிறது, ஆனால் வரிக்கடைசிச் சொற்கள் பொருள் மாறி நிற்கின்றன

இந்தக் கோளாறில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இது கண்ணுக்குப் பிழையாகவே தெரியாது.

எழுத்துப்படியை இடப்பக்கம் பின் அடித்து வைத்திருப்பார்கள். படமெடுக்கும்போது பக்கத்தைப் புரட்டிப் பிடிப்பதால் வலப்பக்க ஓரம் வளைந்து மங்கும், வரிக்கடைசி எழுத்து ஒன்று உதிரும். எழுத்து நடையில் இருந்தால் உதிர்ந்தது உடனே தெரிந்துவிடும். நெல்லைப் பேச்சில் தெரியாது. "எடுத்துக்கிடுதாவ" என்றால் அவர்கள், அல்லது மரியாதையாக அவர், எடுத்துக்கொள்கிறார். கடைசி "வ" போனால் மிஞ்சுவது "எடுத்துக்கிடுதா". அதுவும் நல்ல நெல்லைத் தமிழ்தான், அவள் எடுத்துக்கொள்கிறாள். கடைக்காரர் கழிவு எடுப்பது, யாரோ ஒரு பெண் கழிவு எடுப்பதாக மாறிவிட்டது. வாக்கியத்தில் உறுத்தல் ஏதும் இல்லை. குறியீடு இடுபவர் "கடையில் வேலை செய்யும் பெண்" என்று ஒரு குறியீட்டையே உருவாக்கிவிடக்கூடும்.

"கெடைக்கு" என்பதும் அப்படித்தான். இங்கே அது "கிடைக்கிறது". ஒரு எழுத்து பிசகினால் "கெடைக்க" ஆகிறது, திருத்துபவர் அதைக் "கெடைக்கல" என்று முடித்துவைக்கிறார், உண்டு என்றது இல்லை என்றாகிவிடுகிறது.

இதற்கு முதல் வேலை, பின்னைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தாளையும் தட்டையாக வைத்து எடுப்பது. தாளைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் மேசை தெரியட்டும், ஓரம் வெட்டுப்படவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இரண்டாவது, வெளிவந்த கோப்பில் `தா` என்று முடியும் சொற்களைத் தேடி, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுவது. பக்கத்துக்கு ஐந்தாறு இடம்தான் வரும்.

மூன்றாவது, திருத்துபவர் யார் என்பது. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் நண்பரிடம் கொடுத்தால் அவர் நல்ல எண்ணத்தோடு "சொல்லுதாவ" என்பதைச் "சொல்கிறார்" என்று சீர்செய்து அனுப்புவார். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தமும் அதே உபகாரத்தைச் செய்யும், அணைத்து வையுங்கள். பேச்சை எழுத்து நடைக்கு மாற்றுவது தவறென்று சொல்லவில்லை. அது வேண்டுமென்றால் அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் தனியாக எழுதுங்கள், மேற்கோள் பத்தியில் கைவைக்காதீர்கள். "அவ்வொ" என்ற சொல்லுக்குக் கட்டாயம் அப்படி ஒரு குறிப்பு வேண்டும். மனைவி சொன்னால் அது வீட்டுக்காரராக இருக்கலாம், நம் மாதிரி வரியில் அது கடைக்காரர். முன்வரியைப் படிக்காமல் குறியீடு இட்டால் கணவரிடம் கேட்டால் இலை கிடைக்காது என்று ஆகிவிடும்!

அறிகுறி: கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் கிடைக்கவில்லை

"வெள்ளனே எழும்பி எலை வெட்டுவேன்" என்று பக்கத்தில் இருக்கிறது. "வெள்ளனே" என்று தேடினால் விடை பூஜ்யம். காரணம், ௌ குறியின் வலப்பாதி பார்க்க ள போலவே இருக்கும். மென்பொருள் "வெ" + "ள்" என்பதை "வௌ" என்று ஒரே எழுத்தாகப் பிடித்து, மேலே ஒரு புள்ளியையும் வைத்துவிடும். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

எழுத்து நடைப் பக்கங்களைவிடப் பேச்சுப் பக்கங்களில் இது அதிகம். கிளம்பி, விளக்கு, விளையாட்டு என்பவை பேச்சில் கெளம்பி, வெளக்கு, வெளையாட்டு ஆகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பொறி. உயிர்க்குறிக்குப் பிறகு புள்ளி வரவே முடியாது என்பதால் முதல் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்:

```
sed -i 's/ௌ்/ெள்/g' N03_*.txt
grep -n 'ௌ' N03_*.txt
```

இரண்டாவது கட்டளை மீதி ௌ இருக்கும் வரிகளைக் காட்டும். மௌனம், பௌர்ணமி போன்ற ஒன்றிரண்டுதான் உண்மையானவையாக இருக்கும், மற்றதைக் கையால் மாற்றுங்கள். இதே குடும்பத்தில் இன்னொன்று ர-வும் ா-வும் மாறுவது. "கூலி தர மாட்டாவ" என்பது "கூலி தா மாட்டாவ" என்று வரும். இதற்குக் கட்டளை கிடையாது, படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

அறிகுறி: மேற்கோளுக்குள் கேட்டவரின் வார்த்தை இருக்கிறது

"கே:", "ப:" என்ற அடையாளங்கள் சின்னவை. வரித்தொடக்கத்தில் இருப்பதால் எளிதில் உதிரும், அல்லது "கே" என்பது "கெ" ஆகும். உதிர்ந்தால் கேள்வியும் பதிலும் ஒரே பேச்சாக ஓடும். "கழிவு" என்ற சொல்லை முதலில் எடுத்தது யார் என்பது ஆய்வுக்கு முக்கியம். கேட்டவர் எடுத்துக் கொடுத்த சொல்லை, பதில் சொன்னவர் தாமாகச் சொன்னதாக அட்டவணையில் வைத்தால் அந்தச் சான்று செல்லாது.

குறியீடு இடத் தொடங்குமுன் ஒவ்வொரு பக்கத்திலும் "கே:" எத்தனை என்று படத்தில் எண்ணி, கோப்பிலும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவராத பக்கத்தை மட்டும் திறந்து சரிசெய்தால் போதும். பக்கம் மாறும் இடத்தில் பதில் தொடர்ந்தால் அடுத்த பக்கத் தொடக்கத்தில் "ப (தொடர்ச்சி):" என்று நீங்களே சேர்த்துவிடுங்கள். ஓரத்தில் பேனாவால் எழுதிய களக்குறிப்புகளும் ("அழுதார்", "மாமியார் வந்தார்") சில நேரம் பேச்சுக்குள் நுழைந்துவிடும். அவற்றை வெட்டி எடுத்துக் குறிப்புப் பத்தியில் வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

அறிகுறி: எக்செல் திறந்ததும் தமிழ் உடைகிறது, பக்க எண் தேதியாகிறது

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். `Data > From Text/CSV` வழியாகப் போய் `65001: Unicode (UTF-8)` தேர்ந்தெடுங்கள்.

பக்கம், வரி இரண்டையும் சேர்த்து 4-12 என்று எழுதினால் எக்செல் அதைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். மாறிய பிறகு எது பக்கம், எது வரி என்று மீட்பது பெரும்பாடு. பக்கம் ஒரு பத்தி, வரி ஒரு பத்தி என்று பிரியுங்கள். மேற்கோள் சிறுகோட்டில் தொடங்கினால் அதையும் சூத்திரம் என்று நினைத்து `#NAME?` காட்டும், அந்தச் சிறுகோட்டை எடுத்துவிடலாம்.

அட்டவணையின் தலைப்புகள் இவ்வளவு இருந்தால் போதும்:

```
qid,int,img,line,quote,code,theme,memo
```

`qid` மேற்கோள் எண், `int` நேர்காணல் எண், `img` பின்னொட்டு இல்லாத படக்கோப்பின் பெயர், `theme` கருப்பொருள் எண். ஊர்ப்பெயரைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் என்று ஒரு பத்தி போடுவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது, ஆலங்குளமும் கடையமும் அங்கே போய்விட்டன. பழைய எழுத்துப்படியில் "நெல்லை மாவட்டம்" என்றே இருக்கும்.

அறிகுறி: கருப்பொருள் எண்ணிக்கை நம்பும்படி இல்லை

ஒரே கட்டத்தில் "கழிவு, பயம், இலை" என்று மூன்று குறியீடுகளைக் காற்புள்ளி போட்டு எழுதினால், எக்செல் அதை நாலாவது புதுக் குறியீடாகத்தான் எண்ணும். ஒரு மேற்கோளுக்கு இரண்டு குறியீடு என்றால் இரண்டு வரிசை எழுதுங்கள், `qid` மட்டும் ஒன்றாக இருக்கட்டும். நம் மாதிரியில் மேற்கோளுக்கு ஒரு குறியீடுதான், அது இப்படி நிற்கும்:

```
Q017,N03,N03_p04,12,ஆயிரத்துக்கு ரெண்டு கட்டு கழிவுன்னு சொல்லி எடுத்துக்கிடுதாவ,கழிவென்று எடுத்துக்கொள்ளல்,T2,
Q018,N03,N03_p04,13,அவ்வொகிட்ட கேட்டா மறுநா எலை கெடைக்காது,கேட்டால் இலை நிற்கும்,T2,அவ்வொ = கடைக்காரர்
```

இப்படி எழுதியதும் இன்னொரு பிழை எட்டிப்பார்க்கும். T2-க்கு 30 வரிசை இருக்கிறது என்று மகிழ்ந்து பார்த்தால், அதில் 20 ஒரே அக்கா பேசியது. நன்றாகப் பேசுகிறவர்கள் அட்டவணையை நிரப்பிவிடுவார்கள். வரிசையை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள். கூகுள் ஷீட்ஸில்:

```
=COUNTUNIQUEIFS(B2:B, G2:G, "T2")
```

B பத்தி நேர்காணல் எண், G கருப்பொருள். எக்செல்லில் பிவட் அட்டவணை செய்யும்போது `Add this data to the Data Model` என்பதைத் தேர்ந்தால் `Distinct Count` கிடைக்கும்.

அறிகுறி: ஒரு கருப்பொருளுக்குள் எந்த மேற்கோளை வைத்தாலும் பொருந்துகிறது

"கூலி" என்று பெயர் வைத்திருப்பீர்கள். கூலி கூடியது, குறைந்தது, கழிவு பிடித்தது, பாஸ்புக்கில் ஏறாதது எல்லாம் அதற்குள் போகும், எதுவும் வெளியே நிற்காது. அது கருப்பொருள் அல்ல, தலைப்பு. சோதனை எளிது: பெயரை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள், அதை மறுத்துப் பேச ஒரு மேற்கோள் இருக்க முடியுமா என்று பாருங்கள். "கூலி" என்பதை மறுக்க முடியாது. "கழிவைக் கேள்வி கேட்டால் வேலையே நிற்கும் என்ற பயம் கூலியைக் கீழே வைத்திருக்கிறது" என்பதை மறுக்கலாம். கடையில் சண்டை போட்டுக் கழிவைத் திரும்ப வாங்கிய ஒருவர் ஏழாம் நேர்காணலில் இருந்தால் அவர் மறுப்பார்.

Q018 இந்த வாக்கியத்தை நேராகத் தாங்குகிறது. Q017 தனியாகத் தாங்காது, அதில் கழிவு எடுப்பது மட்டும்தான் இருக்கிறது, பயம் இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்தே மேற்கோளாக வர வேண்டும், அல்லது Q017 வேறு கருப்பொருளுக்குப் போக வேண்டும். மறுத்துப் பேசும் மேற்கோளையும் அதே `theme` எண்ணில் வைத்து, `memo` பத்தியில் "எதிர்" என்று குறியுங்கள். வைவாவில் கேட்கப்படும் முதல் கேள்விக்கு விடை அந்த வரிசையில் இருக்கும்.

அறிகுறி: அட்டவணை மேற்கோளும் பக்கமும் ஒத்துப்போகவில்லை

நகலெடுத்து ஒட்டும்போதோ, பிறகு அழகுபடுத்தும்போதோ மேற்கோள் நகர்ந்துவிடும். எல்லா வரிசையையும் ஒரே மூச்சில் பார்க்க இது போதும்:

```python
import csv, re, unicodedata
def n(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.sub(r"[\s\u200b-\u200d]+", "", s)
with open("codes.csv", encoding="utf-8-sig", newline="") as f:
    for r in csv.DictReader(f):
        t = open(r["img"] + ".txt", encoding="utf-8").read()
        if n(r["quote"]) not in n(t):
            print(r["qid"], r["img"])
```

இடைவெளியும் வரிமுறிவும் கணக்கில் வராது. "ொ" என்பதை ஒரே எழுத்தாகவோ, ெ, ா என்று இரண்டாகவோ தட்டியிருந்தாலும் ஒன்றாகவே பார்க்கும். நடுவில் மூன்று புள்ளி போட்டுச் சுருக்கிய மேற்கோளும், இரண்டு பக்கத்தில் ஓடும் மேற்கோளும் பட்டியலில் வரும், அவற்றைக் கண்ணால் பார்த்து விட்டுவிடலாம்.

இந்த நிரல் அட்டவணையை எழுத்துக்கோப்போடுதான் ஒப்பிடுகிறது, படத்தோடு அல்ல. கோப்பிலேயே "எடுத்துக்கிடுதா" என்று இருந்தால் அட்டவணையிலும் அதுவே இருக்கும், நிரல் வாய் திறக்காது. ஆய்வேட்டில் அச்சாகப் போகும் மேற்கோள்களை மட்டுமாவது பிரித்தெடுத்து, ஒருவர் படத்தைத் திரையில் வைத்துச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அட்டவணையில் பின்தொடர வேண்டும். வாசிப்பவர் இந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவராக இருக்கட்டும். "எடுத்துக்கிடுதா" என்று வாய்க்கு வந்ததும் "யாரு எடுக்கா?" என்று அவர்தான் நிறுத்துவார்.